ஆயாவின் ஊசியும் மூணு கிலோ அரிசியும்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். மகளுக்குப் பதினொரு வயசு. லீவுக்கு ஒரு எம்பிராய்டரி பெட்டி வாங்கிக் கொடுத்தாராம். வட்டச் சட்டம், பன்னிரண்டு கலர் நூல், அச்சடிச்ச பூ எல்லாம் இருந்திருக்கு. அரைப் பூ போட்டதோட பெட்டி பீரோ மேலே ஏறிடுச்சு. "பொறுமை இல்ல, என்ன செய்யறது?" என்று கேட்டார்.

பொறுமை பிள்ளைக்கு இல்லையா, பூவுக்கு வேலை இல்லையா? எனக்கு ரெண்டாவதுதான் காரணமாப் படுது. அதைச் சொல்ல எங்க வீட்டுக் கதையையே சொல்றேன்.

மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவுல எங்க ஊர். அரையாண்டு லீவு வரும்போது சம்பா பால் பிடிச்சு நிக்கும், எனக்குக் கழனியில பெரிய வேலை இருக்காது. சாக்கு தைக்கிற கோணி ஊசியை எடுத்து வெச்சுக்கிட்டுக் கிழிஞ்ச சாக்குகளைச் சரி பண்ணிட்டிருந்தேன். ஆறாவது படிக்கிற என் பையன் பக்கத்துல வந்து, "நானும் தைக்கிறேன்"னான். உள்ளே இருந்து எங்கம்மா, "சாக்கு வேணாம்டா ராசா, ஆயாகிட்ட வா, பை தைக்கலாம்" என்றார்.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிடுச்சு. ஒரு கண்ணுல புரை. ஊசியில நூல் கோக்க முடியாது. ஆனா தையல் மேல விரலை ஓட்டிப் பார்த்தே எங்கே தளர்ந்திருக்குன்னு சொல்லிடுவாங்க. அதனால பையன் கண்ணு, ஆயா விரலு என்று ஒப்பந்தம் ஆச்சு.

துணி, காடாத் துணி. இழை கண்ணுக்குத் தெரியும், வழுக்காது. பாலியஸ்டர் துணியில பழகினா ஊசி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் போகும். தைக்கிறதுக்கு முன்னால அதை நனைச்சுக் காய வெச்சாங்க. இல்லேன்னா முதல் துவையல்ல துணி சுருங்கி, தையல் கோணிக்கும். ஊசிப் பாக்கெட் மேல நம்பர் இருக்கும், நம்பர் கூடக் கூட ஊசி சன்னமாகும். இந்த வயசுக்கு அஞ்சு, ஆறு நம்பர் போதும்.

நூல் ஒரு முழம்தான். பையன் சோம்பல்பட்டு மூணு முழம் எடுத்தான். நாலாவது குத்துலேயே முடிச்சு விழுந்துச்சு. தைக்கும்போது விரலுக்குள்ள ஊசி கொஞ்சம் கொஞ்சமாச் சுழலும், அந்த முறுக்கு நூல்ல ஏறும். அப்பப்போ துணியைத் தூக்கி ஊசியைத் தொங்க விட்டா, அது தானாச் சுத்தி முறுக்கு பிரியும். கிணத்துக் கயிறு முறுக்கிக்கிட்டா நாம செய்யறதும் இதேதானே.

முதல் தகராறு வேற மாதிரி வந்துச்சு. என் பையன் இடது கைக்காரன். ஆயா பக்கத்துல உக்காந்து பார்த்துச் செய்ய, எல்லாம் தலைகீழாச் சிக்கிச்சு. "பீச்சாங்கையை விட்டுட்டு அந்தக் கையால தையேன்டா"ன்னு அம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. அவன் ஊசியை வெச்சுட்டு எழுந்துட்டான். மத்தியானம் திண்ணையில ஆயாவுக்கு எதிர்ல உக்காந்தவன், சும்மா அவங்க கையைப் பார்த்தபடியே தைக்க ஆரம்பிச்சான். கண்ணாடியில பார்க்கிற மாதிரி அவங்க வலது கை அவனுக்கு இடது கை ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அம்மா கையைப் பத்திப் பேசவே இல்ல. உங்க வீட்டுப் பிள்ளையும் இடது கையா இருந்தா, எதிர்ல உக்கார வைங்க.

துணியை ரெண்டா மடிச்சு, ரெண்டு பக்கமும் விரல் அகலம் விட்டுத் தையல். முதல்ல நேரா நூலோட்டம்: மேலே, கீழே, மேலே, கீழே. ஒவ்வொரு தையலும் ஒரு அரிசி நீளம். ஒரே நாள்ல முடிச்சுட்டான். நூலை இறுக்கி இழுத்த இடமெல்லாம் துணி சுருங்கிக் கிடந்தது. ஆயா ஒண்ணும் சொல்லல. பையைத் திருப்பி, "அரிசி கொண்டா"ன்னாங்க.

மூணு கிலோ போட்டுத் தூக்கினதும் ஓரமா அரிசி ஒழுகிச்சு. கொஞ்சம் உலுக்கினதும் கீழ் மூலையில நூல் அறுந்து, ஒரு சாண் தையல் சரசரன்னு பிரிஞ்சது. பையனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆச்சு. அம்மா மட்டும் சிரிச்சாங்க. "நூலோட்டத்துல ஒரே நூல் ஓடுது ராசா. ஒரு எடத்துல அறுந்தா எல்லாம் போச்சு. இப்ப கெட்டித் தையல் போடுவோம்."

கெட்டித் தையலுக்கு அவங்க சொன்ன கணக்கு: ஒரு அடி பின்னால குத்து, ரெண்டு அடி முன்னால எடு. ஒவ்வொரு தையலும் முந்தின தையலோட காலைத் தொட்டு நிக்கும், மேல இடைவெளியே இருக்காது. நடுவுல ஒரு இடத்துல அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடிச்சுக்கும். நூல் அதிகம் செலவாகும், நேரமும் ரெண்டு மடங்கு. தையல் நீளம் அரை அரிசி. அது பெருசாப் போச்சா இல்லையான்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல, அரிசியே சொல்லிடும்.

கைப்பிடியை நாலு விரல் உள்ளே விட்டு, இரட்டை நூல்ல கட்டம் போட்டு, நடுவுல குறுக்கே பெருக்கல் குறி மாதிரி தைச்சாங்க. ஒரே கோட்டுல தைச்சா இழுப்பு முழுக்க அந்தக் கோட்டுல விழுந்து துணியே கிழியும். கட்டம் போட்டா பாரம் பரவும்.

ஆறாம் நாள் மறுபடி மூணு கிலோ. ஒரு மணிகூட விழல. இப்ப அந்தப் பையிலதான் கடைக்குப் போறான்.

2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்துச்சு. நல்லதுதான். ஆனா பை வேணும்னா அதையும் கடையிலதான் வாங்குறோம். காது அறுந்தா தூக்கிப் போடுறோம். அதைத் தைக்கத் தெரிஞ்ச கடைசி ஆள் பல வீட்டுல பாட்டிதான்.

நான் இதைச் சும்மா சொல்லல. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குல லம்பாடி மக்களோட எம்பிராய்டரி கிட்டத்தட்ட மறைஞ்சு போச்சு. அதைத் திரும்ப எடுக்கணும்னு நினைச்சப்போ, தையல் முழுசாத் தெரிஞ்சவங்க ஓரிரு மூத்த பெண்கள்தான். அவங்ககிட்ட உக்காந்து இளைய பெண்கள் கத்துக்கிட்டாங்க. அதுதான் இன்னைக்கு 'பொர்கை' என்ற பெயர்ல நடக்குது. அந்த மூத்தவங்க இல்லாம இருந்திருந்தா, பழைய பாவாடையை வெச்சுக்கிட்டு ஊகம்தான் பண்ணியிருக்கணும்.

அதனால அந்த நண்பருக்கு நான் சொன்னது இதுதான். பூ அப்புறம் வரட்டும். முதல்ல பாரம் தாங்க வேண்டிய ஒரு பொருளைக் கொடுங்க. பை, கிழிஞ்ச ஸ்கூல் பேக், அறுந்த தலையணை உறை, எதுவானாலும் சரி. சரியா வந்துச்சா இல்லையான்னு அந்தப் பொருளே சொல்லணும், அப்பா அம்மா சொல்லக் கூடாது. பையன், பொண்ணு பேதம் வேணாம். பாட்டியோ தாத்தாவோ பக்கத்துல இருக்கும்போதே ஆரம்பிங்க. ஒண்ணே ஒண்ணு, ரெண்டு ஊசி கொடுத்தா ரெண்டையும் எண்ணித் திருப்பி வாங்குங்க. எங்க வீட்டுப் பாயில ஒண்ணு தொலைஞ்சு, ராத்திரி முழுக்க டார்ச் அடிச்சுத் தேடினோம்.

அம்மாவுக்குத் தை மாசம் கழிச்சு கண் ஆபரேஷன். அதுக்குள்ள காஜா எடுக்கக் கத்துக் கொடுத்துடறேன்னு பையன்கிட்ட சொல்லியிருக்காங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் தானே நூல் கோத்துக்குவாங்களேன்னு நான் கேட்டேன். "அவனே கோக்கட்டும்டா"ன்னுட்டாங்க.