ஒரு பெயருக்கு எத்தனை எழுத்து?

எமது சமூகத்தில் முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். Mohamed, Mohammed, Muhammad, Mohamad. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருந்தால் கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போதுதான் சிரமம் விளங்கும். இதே சிரமத்தை நாம் எமது வியாபாரப் பெயர்களுக்கும் செய்து வைத்திருக்கிறோம். அங்கே அது விளங்குவதற்கு இன்னும் காலமெடுக்கும். காரணம், நட்டம் சத்தமில்லாமல் வருகிறது.

நான் பல வருடங்களாக 'மகிழம்பூ' என்ற பெயரில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், கறித்தூள் வகைகளைப் பொதி செய்து விற்று வருகிறேன். 2019 ஆம் ஆண்டு டோஹாவில் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் கோல் எடுத்தார். "நானா, எங்கட கடைக்கு வார ஆக்கள் உங்கட தூளைக் கேக்குறாங்க. கூகுள்ல பெயர அடிச்சுப் பாத்தா ஒண்டும் வருதில்லையே. வேற கொம்பனி ஒண்டுதான் வருது. அவங்களுக்கே ஓடர் குடுத்திட்டேன்" என்றார். எமக்கு பேஸ்புக் பக்கம் இருந்தது, விளம்பரமும் போட்டிருந்தோம். பின் ஏன் வரவில்லை?

அன்று மாலை எனது கடையில் இருந்த எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். பக்கற்றில் அச்சகத்தார் Mahilampoo என்று போட்டிருந்தார். பெயர்ப்பலகை எழுதியவர் Magilamboo என்று எழுதியிருந்தார். பில் புத்தகத்தில் Makilampu. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துப் பழகிய மருமகன் பேஸ்புக்கில் Magizhampoo என்று வைத்திருந்தார். நான்கு பேரும் பிழையாக எழுதவில்லை. ஆளுக்கொரு விதமாகச் சரியாக எழுதியிருந்தார்கள்.

இதற்குக் காரணம் தமிழ் எழுத்தின் அமைப்பு. எமது 'க' ஒரே எழுத்துத்தான். ஆனால் இடத்துக்கேற்ப k, g, h என்று மூன்று விதமாக ஒலிக்கிறது. 'ழ' என்ற ஒலி ஆங்கிலத்தில் இல்லை. இந்தியாவில் அதை zh என்று எழுதுகிறார்கள், இங்கே நாம் பெரும்பாலும் l என்றே எழுதுகிறோம். 'ம்பூ' என்பதில் ப எழுதினாலும் வாயில் b என்றே வருகிறது. கடைசி நெடில் oo ஆகலாம், u ஆகலாம். கணக்குப் பார்த்தால் க-வுக்கு 3, ழ-வுக்கு 2, ம்ப-வுக்கு 2, ஊ-வுக்கு 2. பெருக்கினால் 24. ஒரே பெயரை 24 விதமாக எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் நியாயமும் சொல்லலாம்.

அறிஞர்கள் இதற்குச் சர்வதேச முறையொன்று வைத்திருக்கிறார்கள். ISO 15919 என்ற அந்த முறையில் ழ என்பது ḻ என்று அடியில் கோட்டுடன் வரும். நூலகத்துக்கு அது நல்லது. கையடக்கத் தொலைபேசியில் அந்தக் கோட்டை அடிக்கும் வாடிக்கையாளர் யாருமில்லை. ஆகவே எந்த எழுத்து இலக்கணப்படி சரி என்ற கேள்வியை விட்டுவிட்டேன். பெயரைக் காதால் கேட்ட ஒருவர் எப்படி அடிப்பார் என்பதே எமக்கு வேண்டிய கேள்வி.

அதை அறிய ஒரு எளிய வழி செய்தேன். எனது பக்கற்றைப் பார்த்திராத பத்துப் பேருக்குக் கோல் எடுத்து, பெயரை மட்டும் சொல்லி, ஆங்கில எழுத்தில் மெசேஜ் அனுப்பச் சொன்னேன். அவர்களில் சிங்களச் சகோதரர்கள் மூவர். 6 பேர் h போட்டார்கள், 3 பேர் g, ஒருவர் k. 8 பேர் l எழுதினார்கள். zh எழுதிய இருவரும் இந்தியாவில் படித்தவர்கள். எழுதிய zh-ஐ மற்றவர்களிடம் வாசிக்கக் கொடுத்தபோது 'மகிஸ' என்றார்கள். அதனால் zh வேண்டாம் என்று முடிவாயிற்று. mp எழுதியோர் 7 பேர்.

கடைசி எழுத்தில் மட்டும் பெரும்பான்மையை ஏற்கவில்லை. 7 பேர் poo என்றே முடித்திருந்தார்கள். ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் அந்தச் சொல்லைச் சிறுபிள்ளைகளின் மலத்துக்குச் சொல்வார்கள். லண்டன் கடைத் தட்டில் சாப்பாட்டுப் பொருளின் மேல் அது இருக்கலாமா? ஆகவே Mahilampu என்று நிச்சயித்தேன். பெயர் ஆங்கிலத்தில் வேறு அர்த்தம் தருகிறதா என்று அச்சுக்கு முன்னர் அந்த மொழி பேசும் ஒருவரிடம் கேட்பது அவசியம்.

நிச்சயித்த பின் அதை ஒரு தாளில் எழுதி, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதையும் குறித்து, அச்சகம், பலகை எழுதுபவர், கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். Mahilam Pu என்று இடைவெளி விட்டாலும் தேடும்போது வேறு பெயராகிவிடலாம். இனி வரும் பெயர்களுக்காக த என்றால் th, ட என்றால் d, ழ-வும் ள-வும் l என்று சிறு அட்டவணையும் தயாரித்தோம். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறிக்கு விண்ணப்பிக்கும்போது தமிழ் எழுத்தையும் இந்த ஆங்கில எழுத்தையும் கொடுத்தோம். பதிவு 10 வருடத்துக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம். அதனால் அங்கே போகுமுன் எழுத்தைத் தீர்மானிப்பதே புத்தி.

மற்ற எழுத்துக்களை எறிந்துவிடவும் கூடாது. poo என்று அடிப்பவர்கள் இன்னும் அதிகம். ஆகவே இணையப் பக்கத்தின் விபரத்தில் Mahilampoo, Magilampu, Magizhampoo ஆகியவற்றையும் 'மகிழம்பூ' என்ற தமிழ்ச் சொல்லையும் ஒரு வரியில் எழுதி வைத்தோம். பிரபலமான சொற்களைப் பிழையாக அடித்தால் கூகுள் திருத்திக் காட்டும். எம்மைப் போன்ற சிறு வியாபாரியின் பெயருக்கு அந்தத் தயவை எதிர்பார்க்க முடியாது. பெயர்ப்பலகையிலும் பக்கற்றிலும் பில்லிலும் மட்டும் ஒரே எழுத்துத்தான்.

இதில் ஒரு எல்லையும் உண்டு. உங்கள் பெயர் ஏற்கெனவே ஒரே எழுத்தில் ஊன்றிவிட்டதென்றால், ஒலிக்குப் பொருந்தவில்லை என்பதற்காக மாற்றாதீர்கள். 1930 இல் தொடங்கிய வீரகேசரியின் பெயரில் நெடில் இருக்கிறது, ஆனாலும் Virakesari என்றே எழுதி வருகிறது. எமது தினகரன் Thinakaran, சென்னையிலுள்ள தினகரன் Dinakaran. தமிழில் ஒரே சொல். இரண்டும் தத்தமது எழுத்தைக் கைவிடாததால் யாரும் குழம்புவதில்லை. பெயரை ஊன்றச் செய்வது மாறாமல் இருப்பதுதான்.

உங்கள் கடையில் இந்த நோய் இருக்கிறதா என்று அறிய, கடைக் கணனியில் பொருட்பட்டியலைத் திறந்து பெயரின் முதல் நான்கு எழுத்தை வேறு வேறு விதமாக அடித்துப் பாருங்கள். நான் Mahi என்று அடித்தபோது கையிருப்பு இல்லை என்றது. Magi என்று அடித்தபோது அதே மல்லித்தூள் 40 பெட்டி களஞ்சியத்தில் இருந்தது. அந்த வாரம் இரண்டு கடைக்காரர்களுக்கு "சரக்கு இல்லை" என்று நானே சொல்லியனுப்பியிருந்தேன்.