கொப்பியைக் கொஞ்ச நாள் மூடி வைப்போம்

"டீச்சர், இவன் இன்னும் 'அ' எழுதுறான் இல்லையே. பக்கத்து வீட்டுப் பிள்ளை பேரே எழுதுது." முன்பள்ளியில் சேர்த்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஓர் உம்மா கொப்பியை நீட்டினார். பக்கம் முழுக்கப் புள்ளி வைத்த 'அ'. பென்சில் போன இடத்தில் தாள் கிழிந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் கோடுகள் பின்பக்கம் புடைத்து நின்றன. பிள்ளைக்கு வயது 4.

பிழை பிள்ளையில் இல்லை. அந்தப் புள்ளித் தாளைக் கொடுத்தது நாங்கள்தான்.

'அ' நமக்கு முதல் எழுத்து, கைக்கு அல்ல. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நேர்கோடு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பிள்ளையின் கைக்கு வேறு ஒழுங்கு உண்டு. முதலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, பிறகு படுக்கைக் கோடு, 3 வயதளவில் வட்டம், 4 வயதளவில் கூட்டல் அடையாளம், அதன் பின் சதுரம். சாய்கோடு வேண்டிய முக்கோணம் 5 வயதளவில்தான் வரும். பிள்ளைக்குப் பிள்ளை சில மாதங்கள் முன்பின் ஆகலாம்.

அவனுக்குக் கூட்டல் அடையாளம் ஒன்றை வரைந்து காட்டினோம். பென்சிலை முஷ்டியாகப் பிடித்து, தோளிலிருந்து முழுக் கையையும் அசைத்தான். நேர்கோடு வந்தது. குறுக்குக்கோடு நடுவில் நின்றது. பென்சிலை மற்றக் கைக்கு மாற்றி மீதியை இழுத்தான். உடலின் நடுவைத் தாண்டிப் போக அவன் கை இன்னும் பழகவில்லை. இந்தக் கையிடம்தான் நாங்கள் 'அ' கேட்டிருக்கிறோம்!

பென்சிலை வாங்கி வைத்தோம். கிரேயோனை ஓர் அங்குலத் துண்டுகளாக உடைத்துக் கொடுத்தோம். அந்தத் துண்டை முஷ்டியால் பிடிக்க இடமில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகப் பிடித்தன, நடுவிரல் கீழே தாங்கியது. "விரலை இப்படி வை" என்று நாங்கள் நூறு தடவை சொல்லியும் நடக்காதது அது. தாளைச் சுவரில் அவன் கண் உயரத்தில் ஒட்டினோம். சுவரில் வரையும்போது மணிக்கட்டு பின்னால் மடிந்து விரல்கள் இலகுவாகும். நடுவில் நின்று, கை மாற்றாமல், இடமிருந்து வலமாக 'பஸ் ரோட்டு' போடுவதுதான் வேலை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்.

ஆறு கிழமைக்குப் பிறகு கூட்டல் அடையாளம் ஒரே கையால் வந்தது. அடுத்து 'ட'. கீழே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். பிறகு 'ப'. 'அ' இன்னும் காத்திருக்கிறது, காத்திருக்கட்டும்.

"தரம் 1இல் பின்தங்கிவிடுவானே" என்ற பயம் எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் எழுத்தைத் தரம் 1இல் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கிறார்கள். முஷ்டிப் பிடி ஊறிப்போனால் அதை அங்கே மாற்றுவதுதான் கஷ்டம்.

இன்றைக்கு உங்கள் பிள்ளையின் கொப்பியைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கோடுகள் ஆழமாகப் புடைத்திருந்தால், அடுத்த பக்கம் எழுதச் சொல்லாதீர்கள். ஒரு கிரேயோனை உடைத்துக் கொடுங்கள்.