படைவீரர் குடியிருப்பில் பவுல்: விட்டுச் செல்லத் தெரிந்த அப்போஸ்தலனும் விட்டுச் செல்லாத மிஷன்களும்

சைனிக்புரி என்னும் பெயரே அவ்வூரின் தோற்றத்தைச் சொல்லிவிடுகிறது. செகந்திராபாத்தை அடுத்து, ஓய்வுபெற்ற படைவீரர்கள் குடியேறுவதற்கென எழுந்த பகுதி அது. தமிழும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் ஒரே தெருவில் ஒலிக்கும் அவ்வூரில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பவுலின் பிலிப்பியர் நிருபம் வாசிக்கப்படும்போது ஓர் ஒற்றுமை கவனிக்கத்தக்கது. அந்நிருபத்தை முதன்முதலில் காதால் கேட்டவர்கள் வாழ்ந்ததும் ஒரு படைவீரர் குடியிருப்பில்தான்.

கி.மு. 42இல் பிலிப்பி சமவெளியில் ரோமானியரின் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்தபின், பணிமுடித்த படைவீரர்களுக்கு அங்கே நிலம் வழங்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அகுஸ்து மேலும் பலரைக் குடியேற்றினான். மக்கெதோனிய மண்ணில் இருந்தபோதும் அந்நகரம் சட்டத்தாலும் ஆட்சிமொழியாலும் ரோமாபுரியின் ஒரு துண்டாகவே விளங்கியது. பவுல் தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், விசுவாசிகளின் ‘பொலிட்யூமா’ பரலோகத்தில் இருப்பதாக எழுதுகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அச்சொல்லைக் ‘குடியிருப்பு’ என்று தருகிறது. குடியுரிமை பெற்றோரின் சமூகம் என்பதே அதன் பொருள். தொலைவில் உள்ள ஒரு தலைநகரின் பதிவேட்டில் தன் பெயர் இருக்கிறது என்று பெருமை கொண்ட ஊருக்கு, வேறொரு தலைநகரைச் சுட்டிக்காட்டும் சொல் அது. யூதரான ஒருவர், யூதரல்லாதாரின் ஊர்ப் பெருமையிலிருந்தே தம் உவமையை எடுத்துக்கொண்டார்.

பவுலின் வெற்றிக்குக் காரணமாக அவருடைய பயணங்களின் நீளத்தையும் அவர் அடைந்த துன்பங்களையும் சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. யூதரல்லாதாரின் சபைகள் நிலைபெற்றதற்கு அவர் சென்ற ஊர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவர் அவ்வூர்களை விட்டுப் புறப்பட்ட விதமே முதன்மையான காரணம். நிருபங்கள் அந்தப் புறப்பாட்டின் விளைவாகப் பிறந்தவை. இந்தியத் திருச்சபைகள் நிருபங்களை மனப்பாடம் செய்தன. ஆனால் அவை பிறந்த சூழலை ஒரு நடைமுறையாகக் கைக்கொள்ளவில்லை.

பிலிப்பியில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். கி.பி. 50ஐ ஒட்டிய காலத்தில் பவுல் சீலாவுடன் அங்கே வருகிறார். பிற ஊர்களில் அவர் முதலில் நாடும் ஜெப ஆலயம் இங்கே குறிப்பிடப்படவில்லை. வாயிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் பெண்கள் சிலர் கூடும் ஜெப இடம் ஒன்றே இருந்தது. முதலில் செவிசாய்த்தவள் தியத்தீராவைச் சேர்ந்த இரத்தாம்பர வணிகரான லீதியாள். அவளுடைய வீடே சபை கூடும் இடமாயிற்று. பிறகு குறிசொல்லும் அடிமைப் பெண்ணொருத்தியைப் பவுல் குணமாக்க, அவளால் வருமானம் பெற்றுவந்த எசமானர்கள் அவரை அதிகாரிகளிடம் இழுத்துச் சென்றார்கள். அவர்களுடைய குற்றச்சாட்டில் இரண்டு சொற்கள் எதிரெதிராக நிற்கின்றன. இவர்கள் யூதர்கள், நாங்கள் ரோமர்கள் என்பதே அதன் சாரம். பிரம்படி, சிறை, சிறைக்காவலனின் மனமாற்றம் ஆகியவற்றுக்குப் பின் பவுல் ஊரை விட்டு அனுப்பப்படுகிறார். அவர் அங்கே தங்கியதை அப்போஸ்தலர் நடபடிகள் சில நாட்கள் என்றே கணக்கிடுகிறது.

ஒரு வணிகப் பெண்ணின் வீடும் ஒரு சிறைக்காவலனின் குடும்பமும் சேர்ந்த சிறு கூட்டம் அவர் விட்டுச் சென்றது. அவர்களுக்கு மேலாளர் எவரையும் வெளியூரிலிருந்து அவர் நிரந்தரமாக அமர்த்தியதாகத் தெரியவில்லை. ஆயினும் அதிகம் போனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், சிறையிலிருந்து அவர் எழுதும்போது, அச்சபையின் கண்காணிகளையும் உதவிக்காரரையும் பன்மையில் வாழ்த்துகிறார். பணமும் எதிர்த்திசையில் ஓடியது. பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோதே பிலிப்பியர் ஒருமுறைக்கு மேல் அவருக்கு உதவி அனுப்பினார்கள். சிறையில் இருந்தபோது எப்பாப்பிரோதீத்து என்பவர் வழியாக மீண்டும் அனுப்பினார்கள். பெற்றுக்கொண்டதற்கு நன்றி கூறுவதே அந்நிருபம் எழுதப்பட்டதற்கு ஒரு காரணம். நிறுவியவர் கொடுப்பவராகவும் நிறுவப்பட்டவர்கள் பெறுபவராகவும் நின்ற உறவு அங்கே தலைகீழாயிற்று.

இது இயன்றதற்கு அடிப்படை ஒன்று உண்டு. யூதரல்லாதார் கிறிஸ்துவிடம் வருவதற்கு முதலில் யூதராக வேண்டியதில்லை என்பதில் பவுல் உறுதியாக நின்றார். விருத்தசேதனம், உணவு விதிகள் ஆகியவை நுழைவாயிலாக வைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு ஊரிலும் அவற்றைக் கற்றுத்தரவும் கண்காணிக்கவும் யூத ஆசிரியர் ஒருவர் நிரந்தரமாகத் தங்க வேண்டியிருந்திருக்கும். அந்நியர் பண்பாட்டைக் கற்றுத் தேறும்வரை மாணவர் மாணவராகவே இருப்பார். அந்தியோகியாவில் யூதரல்லாதாரோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை அனைவர் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபம் பதிவு செய்கிறது. வெளிப்பார்வைக்கு அது பந்தி பற்றிய சச்சரவு. உண்மையில் யாருடைய பழக்கவழக்கம் சபையின் அளவுகோல் என்பதைப் பற்றிய வழக்கு அது.

விட்டுச் செல்வதில் இடர் இல்லாமல் இல்லை. கலாத்தியாவில் வேறு போதகர்கள் புகுந்து விருத்தசேதனத்தை வற்புறுத்தினார்கள். கொரிந்துவில் கட்சிகள் பிரிந்தன. திருவிருந்தில் செல்வர் உண்டு முடிக்க, ஏழைகள் பசித்திருந்தார்கள். அப்போதெல்லாம் பவுல் செய்தது எழுதுவது. திமோத்தேயுவையோ தீத்துவையோ சில காலத்துக்கு அனுப்புவதும் உண்டு. ஆனால் சபையின் பொறுப்பைத் திரும்பப் பறித்துக்கொள்வதில்லை. நிருபம் கூடியிருந்த அனைவருக்கும் உரக்க வாசிக்கப்பட்டது. தெசலோனிக்கேயருக்கு அவர் அதைக் கட்டளையாகவே எழுதினார். எழுத்து காரணம் காட்டி வாதிடும். கேட்டவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். பிலிப்பியில் எவோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண் உழைப்பாளிகள் மாறுபட்டு நின்றபோதும் தீர்ப்பு எழுதி அனுப்பாமல், அவர்கள் ஒருமனப்பட உதவுமாறு உள்ளூர்த் தோழர் ஒருவரையே கேட்டுக்கொண்டார். இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிமிர்னாவின் போலிகார்ப்பு அதே பிலிப்பி சபைக்கு எழுதியபோது, பவுல் அவர்களுக்கு எழுதியதை நினைவூட்டுகிறார். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்தும் சபையும் இருந்தது, எழுத்தும் இருந்தது.

இந்த அளவுகோலை இந்தியாவில் வைத்துப் பார்க்கத் தகுந்த இடம் தெலங்கானாவிலேயே இருக்கிறது. காசிப்பேட்டையிலிருந்து விஜயவாடா செல்லும் இருப்புப்பாதையில் உள்ள டோர்னக்கல் அது. 1903இல் திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தக் காணிக்கையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட இத்தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதன் செயலாளராக இருந்த வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியா 1909இல் தாமே டோர்னக்கல் வந்தார். அடுத்த ஆண்டு எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் தம் இந்திய உடனூழியரோடு ஒரே மேசையில் அமரத் தயங்குவதை வெளிப்படையாகச் சுட்டி, நட்பையே அவர் கேட்டார். அவையில் சிலர் முகம் சுளித்தார்கள். அந்தியோகியாவின் பந்தி வழக்கு 1910இல் மறுவிசாரணைக்கு வந்தது என்றே அதைச் சொல்லலாம்.

1912ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. வடசீனத்தில் ஊழியம் செய்து திரும்பிய ரோலண்ட் ஆலன், பவுலின் முறையையும் மிஷன்களின் முறையையும் ஒப்பிட்டு அவ்வாண்டு ஒரு நூல் வெளியிட்டார். சுமார் பத்தாண்டுகளில் நான்கு ரோம மாகாணங்களில் சபைகளை நிறுவிவிட்டுப் பவுல் நகர்ந்தார், நாமோ தலைமுறைகளாகப் பொறுப்பைக் கையளிக்காமல் இருக்கிறோம் என்பது அவருடைய வாதம். அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். அவரே முன்னின்று வற்புறுத்தியதால், அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அசரியா டோர்னக்கல் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே.

அசரியாவின் திருமண்டலத்தில் பவுலின் சாயலைக் காண்பது கடினமன்று. புதிதாகச் சேர்ந்த எளிய தெலுங்கு மக்கள், தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்னும் பவுலின் சொல்லைத் தாமே சொல்லும்படி செய்தார். பரப்பும் பொறுப்பு ஊதியம் பெறும் ஊழியரிடமிருந்து கிராமத்தாரின் கைக்கு மாறியது. 1939இல் அர்ப்பணிக்கப்பட்ட பேராலயம் கோவில், மசூதி ஆகியவற்றின் கட்டடக் கூறுகளைத் தாங்கி நிற்கிறது. ஆங்கிலேயராக மாறுவது நுழைவாயில் அன்று என்பதைக் கல் சொல்கிறது.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1945 ஜனவரி 1 அன்று அசரியா மறையும் வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒன்றின் தலைமையில் இருந்த இந்தியர் அவர் ஒருவரே. பிலிப்பியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பன்மையில் வாழ்த்தப்பட்ட கண்காணிகளை இங்கே நினைவுகொள்ள வேண்டும். திறமையான இந்தியர் கிடைக்கவில்லை என்ற விளக்கத்தை அசரியாவின் பணியே மறுத்துவிடுகிறது. புறப்பட மனமில்லாததே காரணம்.

பவுலின் காலம் வேறு, அவருடைய கேட்போர் வேதத்தை முன்பே அறிந்தவர்கள், ஆகவேதான் விரைவில் விட்டுச் செல்ல முடிந்தது என்று மறுப்போர் உண்டு. லீதியாளைப் பொறுத்தவரை அது சரி. அவள் ஏற்கெனவே யூதரின் கடவுளை வணங்கியவள். சிறைக்காவலனுக்கு அது பொருந்தாது. தாம் விக்கிரகங்களிலிருந்து திரும்பியவர்கள் என்று பவுலே குறிப்பிடும் தெசலோனிக்கேயருக்கும் பொருந்தாது. அவர்களை நம்பி விட்டுச் சென்றபின்புதான் அவர்களுக்கு நிருபம் எழுத வேண்டியிருந்தது.

இன்று சைனிக்புரி போன்ற குடியிருப்புகளில் மொழிவாரியாகவும் ஊர்வாரியாகவும் சபைகள் எழுகின்றன. வெள்ளைக்காரர் போய்விட்டதால் பவுலின் கேள்வியும் போய்விடவில்லை. நிறுவிய போதகர் விலகினால் எத்தனை நாள் சபை நிற்கும், புதிதாக வருபவர் யாருடைய மொழியையும் சாதிப் பழக்கத்தையும் ஏற்றபின் பந்தியில் அமர முடியும், காணிக்கையின் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பவை பிலிப்பியர் நிருபம் வாசிக்கப்படும் ஒவ்வொரு கூடத்திலும் கேட்கப்பட வேண்டியவை. அந்நிருபத்தின் ஆசிரியர் இவற்றுக்குச் சில நாட்கள் தங்கியும், பல ஆண்டுகள் தள்ளி நின்றும் விடை சொன்னார்.