மாற்று வழியின் கணக்கு

"பாலம் மூடப்பட்டுள்ளது. மாற்று வழியைப் பயன்படுத்தவும்." இந்த அறிவித்தலை நம் நாட்டில் பார்க்காதவர் குறைவு. அதை எழுதியவர் மனதில் இருப்பது ஒரு வாகனம். வாகனம் திரும்பும், சுற்றிப் போகும், சற்றுப் பிந்திச் சேரும், அவ்வளவுதான். அந்தப் பலகைக்கு முன்னால் புத்தகப் பையோடு ஒரு பிள்ளை நின்றால் அவளுக்கு மாற்று வழி எது என்பதைப் பலகை சொல்வதில்லை. கிண்ணியாவில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கேள்வியின் விலை தெரியும். ஆகவே அதைப் பற்றிக் கணக்கோடு எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊர் நீரால் சூழப்பட்டது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலைக்குப் போவதென்றால் 'பாதை'யில்தான் ஏற வேண்டும். இழுவைப் படகை எங்கள் மூத்தம்மா இன்றும் 'பாதை' என்றுதான் சொல்கிறார். ஊரின் இன்னொரு பக்கத்தில், களப்பைக் கடந்து குறிஞ்சாக்கேணியையும் அதற்கு அப்பாலுள்ள கிராமங்களையும் கிண்ணியா நகரோடு இணைத்தது குறிஞ்சாக்கேணிப் பாலம். பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, மேலதிக வகுப்பு என்று நாளாந்தம் அதைக் கடந்தவர்கள் பலர். புதிய பாலம் கட்டுவதற்காக 2021இல் அந்த வழி மூடப்பட்டது. இருந்த தெரிவுகள் இரண்டு. ஒன்று, தரை வழியாகச் சுற்றிப் போவது. மற்றது, படகுப் பாதையில் ஏறுவது.

சுற்று வழி எவ்வளவு தூரம் என்பது எந்த வீட்டிலிருந்து புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். கணக்கு விளங்குவதற்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து பாலத்தின் வழியே பாடசாலை 2 கிலோமீற்றர், சுற்றினால் 8 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மேலதிகம் 6 கிலோமீற்றர். இதே 6 கிலோமீற்றர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக நீளும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மணிக்கு 30 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு அது 12 நிமிடம். மணிக்கு 12 கிலோமீற்றர் போகும் சைக்கிளுக்கு அரை மணி நேரம். மணிக்கு 5 கிலோமீற்றர் நடக்கும் ஒருவருக்கு 72 நிமிடம். போகவும் வரவும் சேர்த்தால் மோட்டார் சைக்கிள்காரர் 24 நிமிடத்தை இழக்கிறார், சைக்கிள் ஓட்டும் மாணவி ஒரு மணி நேரத்தை இழக்கிறாள், நடந்து போகும் பிள்ளை 2 மணி 24 நிமிடத்தை இழக்கிறது. மாதத்தில் 20 பாடசாலை நாட்கள் என்றால் அந்தப் பிள்ளைக்கு 48 மணித்தியாலங்கள். அதாவது முழுதாக இரண்டு இரவும் இரண்டு பகலும். இன்னொரு பக்கத்தில், கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் லொறிக்கு அதே 6 கிலோமீற்றர் நூற்றுக்கு மூன்று பங்கு கூட இல்லை. அருகில் போகிறவருக்குத்தான் பயணம் நான்கு மடங்காகிறது. மூடிய பாலம் தூரப் பயணியை விட அயலூர்ப் பயணியையும், வாகனக்காரரை விடக் கால்நடைக்காரரையும் அதிகம் தண்டிக்கிறது. "பத்து நிமிடம் சுற்றினால் போதும்" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் வாகனத்தில் இருந்தபடி பார்த்த கணக்கு.

பிள்ளையை வாப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடலாமே என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு 12 கிலோமீற்றர் மேலதிகம் என்றால் 20 நாட்களுக்கு 240 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 6 லீற்றர் பெற்றோல். பிள்ளையை இறக்கிவிட்டு வீடு திரும்பி, மாலையில் மறுபடியும் வந்து ஏற்றுபவருக்கு இது இரட்டிப்பாகும். 2021 நவம்பரில் ஒரு லீற்றர் 157 ரூபாய். 2022 ஜூன் இறுதியில் அது 470 ரூபாய். அதே 6 லீற்றர் 942 ரூபாயிலிருந்து 2,820 ரூபாயானது. பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. ஆக, பாலம் இல்லாத குற்றத்துக்காக ஒன்றரை வாரப் பங்கு சுற்று வழியிலேயே எரிந்து போகும். சுற்று வழி நிரந்தரமானதல்ல என்று சொல்லித்தான் மூடுகிறார்கள். ஆனால் வேலை இழுபடும்போது நாட்டின் ஒவ்வொரு நெருக்கடியும் அந்த 6 கிலோமீற்றரின் மேல் வந்து ஏறி உட்காருகிறது.

இன்னொரு இழப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அது நின்றுபோன பயணங்கள். மாற்று வீதியில் நின்று வாகனங்களை எண்ணினால், "போக்குவரத்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்று எழுதிவிடலாம். எண்ண முடியாதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று மாலை மேலதிக வகுப்புக்குப் போன மாணவி ஒரு மாலையோடு நிறுத்திக்கொள்கிறாள், ஏனென்றால் ஆறு மணிக்கு வகுப்பு முடிந்தால் இருட்டில் ஒரு மணி நேரம் சுற்றி வர வீட்டில் விடமாட்டார்கள். சிறிய பிள்ளையோடு கிளினிக்குக்குப் போகும் உம்மா ஒரு மாதத்தைத் தவறவிடுகிறார். முட்டையும் கீரையும் கொண்டுபோய் விற்பவர், முச்சக்கர வண்டிக் கூலி இலாபத்தைத் தின்றுவிடும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார். பாலம் மூடியதால் என்ன நடந்தது என்று உண்மையாக அறிய விரும்புகிறவர்கள் வீதியை விட, பாடசாலையின் வரவுப் பதிவேட்டையும் கிளினிக் அட்டைகளையும் பார்க்க வேண்டும். மூடுவதற்கு முந்திய மாதத்தையும் பிந்திய மாதத்தையும் பக்கத்தில் வைத்தால், எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் படகுப் பாதையையும் புரிந்துகொள்ள முடியும். 72 நிமிடம் ஒரு பக்கம், சில நிமிடங்களில் அக்கரை மறுபக்கம். எட்டு வயதுப் பிள்ளை எதைத் தெரிவு செய்யும்? அதன் தாய் எதைத் தெரிவு செய்வார்? 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலை நேரத்தில், குறிஞ்சாக்கேணிக் களப்பில் அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றைய தினமே 6 உயிர்கள் போயின. அவர்களுள் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. "ஏன் அதில் ஏறினார்கள்?" என்று வெளியூரார் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கேள்வி தவறான இடத்தில் கேட்கப்பட்டது. மிதக்கும் தளத்தில் கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அமிழும், தண்ணீர் ஏறினால் சாய்வு கூடும், கூடக் கூட ஆட்கள் மேலும் அந்தப் பக்கமே சரிவார்கள். எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கி உண்டா, மாரி காலத்தில் காற்று எழுந்தால் யார் நிறுத்துவது என்பவையெல்லாம் பயணி தீர்மானிக்க வேண்டிய விடயங்கள் அல்ல. பாலத்தை மூடும் நாளிலேயே தீர்மானிக்கப்பட வேண்டியவை. விபத்துக்குப் பின்னர் கடற்படையினர் படகுச் சேவை நடத்தினார்கள். பின்னர் முடிந்த ஒன்று முன்னரும் முடிந்திருக்கும்.

எனது கருத்து எளிமையானது. நடந்து போகிறவருக்கு வழி திறக்காமல் பாலத்தை மூடக் கூடாது. வாகனம் சுற்றிப் போகட்டும், கால்களுக்கு நேர்வழி வேண்டும்.

இதற்கு மூன்று முறைகள் உண்டு. முதலாவது, புதிய பாலத்தைப் பழையதன் பக்கத்தில் கட்டிவிட்டு, அது திறக்கும் வரை பழையதை வைத்திருப்பது. இரண்டாவது, லொறி தாங்காத பழைய பாலத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் விடுவது. சுமை ஏற்றிய லொறி பத்து தொன்னுக்கு மேல் இருக்கும். 60 கிலோ எடையுள்ள பத்துப் பேர் நடந்தால் 600 கிலோதான். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பாலம் முழுவதும் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் வாகனங்களை விடப் பாரமாகிவிடலாம். தூணின் அடியில் மண் அரித்திருந்தால் ஒருவர் கூடப் போகக் கூடாது. அதைப் பொறியியலாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது, தற்காலிக இரும்புப் பாலம். 'பெய்லி' பாலம் எனப்படும் இது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவானது. சுமார் 3 மீற்றர் நீளமான சட்டங்களை ஒன்றோடொன்று ஊசியிட்டுப் பூட்டுவார்கள். ஒரு சட்டத்தை ஆறு பேர் தூக்கிவிடலாம். வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகலாம்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தில் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் பாலம் உடைந்தது. ஒரு மாதம் ஆவதற்குள், இந்திய உதவியோடு 120 அடி நீளமான பெய்லி பாலம் அங்கே திறக்கப்பட்டது. குறிஞ்சாக்கேணியில் நீர்ப்பரப்பு அகலமானது. ஒரே தாவலில் கடக்க முடியாது, இடையில் தாங்கிகள் வேண்டும் என்பது உண்மை. செலவு கூடும். ஆனால் அந்தச் செலவு இப்போதும் செலுத்தப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பெற்றோலாகவும் முச்சக்கர வண்டிக் கூலியாகவும் தவறிய வகுப்பாகவும் அதைச் செலுத்துகிறவர்கள் அந்தக் கிராமத்து மக்கள். மதிப்பீட்டுப் பத்திரத்தில் அது எழுதப்படாததால்தான் வேலை தாமதிப்பது யாருக்கும் நட்டமாகத் தெரிவதில்லை. விபத்து நடந்து மூன்று ஆண்டுகள் கடந்தபோதும் எங்கள் பாலம் முடிந்திருக்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, பாலம் கட்டும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் நடப்பவருக்கான வழியும் ஒரு செலவாக எழுதப்பட வேண்டும். அது எந்த முறையிலும் முடியாத இடத்தில், பாடசாலை மணிக்குப் பொருந்தும் இலவச பஸ் அந்தப் பணத்தில் ஓட வேண்டும். அறிவித்தல் பலகையில் மூடும் திகதியோடு திறக்கும் திகதியும், நடந்து போகிறவர் எந்த வழியால் போகலாம் என்பதும் எழுதப்பட வேண்டும். அந்த மூன்றாவது வரியை எழுத முடியாதென்றால், மூடுவதற்கு இன்னும் ஆயத்தமில்லை என்றே பொருள்.