முப்பதால் வகுப்பது தாராளம் அல்ல

புத்தூர் நால்ரோட்டைச் சுற்றி மருந்துக்கடையும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் ஸ்கேன் சென்டரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அரசு மருத்துவமனை பக்கத்தில் இருப்பதால் வந்து சேர்ந்த வியாபாரம். இவற்றில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். அந்தமாதிரிச் சில கடைகளுக்குச் சம்பளப் பதிவேடு எழுதிக் கொடுப்பது என் தொழில். லாஸ் ஆஃப் பே என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "எங்க முதலாளி நல்லவருண்ணே, முப்பதாலதான் வகுக்கிறாரு. பக்கத்துக் கடையில இருபத்தாறால வகுத்துக் கொள்ளையடிக்கிறாங்க."

முதலாளிகளும் இதையே பெருமையாகச் சொல்கிறார்கள். பெரிய எண்ணால் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் சிறிதாகும், சிறிதானால் பிடித்தமும் குறையும் என்பது இவர்கள் கணக்கு. வகுக்கும் எண்ணைப் பார்த்தே நல்ல கடை, கெட்ட கடை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. தொழிலாளியின் பணம் போவதைத் தொழிலாளியின் கண்ணிலிருந்தே மறைப்பதால் ஆபத்தானதும்கூட.

இந்த வருடம் பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மருந்துக்கடையில் பில் போடும் பெண், சம்பளம் 15,600 ரூபாய். ஞாயிறு விடுமுறை. அவருடைய அம்மாவை எதிரே அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். 20-ஆம் தேதி வெள்ளி, 21 சனி, 23 திங்கள் என மூன்று நாள் கடைக்கு வரவில்லை. இருந்த விடுப்பெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. மாதக் கடைசியில் முதலாளி முப்பதால் வகுத்தார்: ஒரு நாளைக்கு 520 ரூபாய். வராத நாள் நான்கு என்று போட்டார். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஞாயிறும் அதில் சேர்ந்துகொண்டது. பிடித்தம் 2,080 ரூபாய்.

அந்த மாதத்துக்கு 28 நாள், அதில் நான்கு ஞாயிறு. கடை அவரை வரச் சொன்ன நாள்கள் 24. அந்த 24-ஆல் வகுத்தால் ஒரு நாள் 650 ரூபாய். கேட்டவுடன் பகீரென்று இருக்கும். ஆனால் அவர் வராத வேலை நாள் மூன்றுதான்; மூன்று நாளுக்கு 1,950. முப்பதால் வகுத்த "நல்ல" கணக்கு, 24-ஆல் வகுத்த "கொள்ளை"க் கணக்கைவிட 130 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

காரணம் எளிது. கீழே என்ன எண் இருக்கிறது என்பதை மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள். மேலே எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. நாட்காட்டி நாளால் வகுப்பவர் ஞாயிற்றையும் ஒரு சம்பள நாளாகவே வைத்திருக்கிறார். அப்படி வைத்தபின், விடுப்பு ஞாயிற்றைத் தாண்டும்போது அதையும் எண்ணத் தோன்றுவது இயல்பு. வேலை நாளால் வகுப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையின் சம்பளம் தனியாக எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆறு வேலை நாள்களுக்குள்ளும் பிரிந்து கலந்திருக்கிறது. பிப்ரவரியை 28-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 557 ரூபாய் சொச்சம். 24-ஆல் வகுத்தால் 650. இரண்டுக்கும் இடையில் இருக்கும் ஏறத்தாழ 93 ரூபாய்தான் ஒவ்வொரு வேலை நாளும் சுமக்கும் ஞாயிற்றின் பங்கு. ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் அந்தப் பங்கும் அவரோடு சேர்ந்தே போய்விடுகிறது.

ஆகவே 24-ஆல் வகுத்துவிட்டு ஞாயிற்றையும் எண்ணினால் ஒரே நாளுக்கு இரண்டு முறை பிடித்தம். சில இடங்களில் இதுவும் நடக்கிறது: 26-ஆல் வகுத்து, நடுவில் வந்த ஞாயிற்றையும் சேர்த்து நான்கு நாள் போட்டால் 2,400 ரூபாய். இதைக் கொள்ளை என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அங்கேயும் குற்றம் 26-இன் மேல் இல்லை, நான்கின் மேல்.

முதலாளிகள் பக்கத்தில் ஒரு வாதம் உண்டு. அதை நேர்மையாகவே சொல்கிறார்கள். "ஆறு நாள் வேலை செஞ்சாத்தானே சார் ஏழாவது நாள் சம்பளத்தோட லீவு? முன்னாலயும் வரல, பின்னாலயும் வரல, நடுவுல ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் நான் ஏன் தரணும்?" வேலை நாளால் வகுத்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, அவர் கேட்கும் நியாயம் அந்த 650-க்குள் ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. அதோடு, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தரச் சொல்வதுடன், அதைக் காட்டிச் சம்பளத்தில் கை வைப்பதையும் தடுக்கிறது.

பிடித்தத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதே நம் பகுதியில் பலருக்குத் தெரியவில்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு இதற்காகவே இருந்தது. வராத காலம், அந்தச் சம்பளக் காலத்தில் அவர் வேலை செய்யக் கடமைப்பட்டிருந்த மொத்தக் காலத்தில் என்ன பங்கோ, அந்தப் பங்குக்கு மேல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் இருபதாவது பிரிவும் அதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. சட்டம் மாதத்தின் மொத்த நாள்களைப் பேசவில்லை, வேலை செய்யக் கடமைப்பட்ட காலத்தைப் பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்துக்கடைப் பெண் 24 நாள் வரக் கடமைப்பட்டவர், மூன்று நாள் வரவில்லை. இருபத்து நான்கில் மூன்று பங்கு, அதாவது எட்டில் ஒன்று. 15,600-இல் எட்டில் ஒன்று 1,950. அதற்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்க வழியில்லை. முப்பதால் வகுத்த முதலாளி அந்த வரம்பைத் தாண்டிவிட்டார், தாராளம் காட்டுவதாக நினைத்துக்கொண்டே.

முப்பதால் வகுத்து, ஞாயிற்றை எண்ணாமல் விட்டால்? பிடித்தம் 1,560தான். தொழிலாளிக்கு லாபம், சட்டத்துக்கும் முரணில்லை. குறைவாகப் பிடிக்க யாரும் தடை போடவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு நிலைப்பதில்லை. அதே பெண் பிப்ரவரி முழுக்க வரவில்லை என்று வையுங்கள். 24 நாள், நாளுக்கு 520, பிடித்தம் 12,480. ஒரு நாள்கூட வராதவர் கைக்கு 3,120 ரூபாய். இதை ஒரு முறை பார்த்த முதலாளி அடுத்த மாதமே ஞாயிற்றை எண்ணத் தொடங்குகிறார். அதற்குப்பின் பாதிக்கப்படுபவர் மாதம் முழுக்க வராதவர் அல்ல, வெள்ளியும் திங்களும் அம்மாவின் கட்டில் பக்கம் நின்றவர்.

எந்தக் கணக்கையும் சோதிக்க நான் இந்த முழு மாதக் கேள்வியைத்தான் போடுவேன். ஒருவர் மாதம் முழுக்க வராவிட்டால் சம்பளம் சரியாகப் பூஜ்யம் வர வேண்டும். மிச்சம் வந்தாலும் தவறு, பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் தவறு. எப்போதும் 26-ஆல் வகுப்பவர்களும் இதில் தேற மாட்டார்கள். 2025 ஜூலையில் 31 நாள், நான்கு ஞாயிறு, ஆக 27 வேலை நாள். ஒருவர் ஒரே ஒரு நாள் வந்து, 26 நாள் வரவில்லை. நாளுக்கு 600 வீதம் 15,600-ம் பிடித்தாயிற்று. உழைத்த அந்த ஒரு நாளுக்குக் கூலி இல்லை. மாறாத 26-ஐ நான் ஆதரிக்காததற்கு இதுதான் காரணம். அந்தந்த மாதத்தின் வேலை நாளால் வகுத்து, வராத வேலை நாளை மட்டும் எண்ணும் முறை எல்லா மாதத்திலும் பூஜ்யத்தில் வந்து நிற்கிறது.

"பிப்ரவரியில வராட்டி 650, மார்ச்சில வராட்டி 600, இது என்ன நியாயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பிப்ரவரியில் 24 நாள் உழைப்புக்கு 15,600 கிடைத்தது, மார்ச்சில் அதே தொகைக்கு 26 நாள் உழைக்க வேண்டியிருந்தது. குறைந்த நாளுக்கு அதே சம்பளம் என்றால் ஒவ்வொரு நாளும் கனமாகத்தான் இருக்கும்.

அரசு அலுவலகத்தில் நாட்காட்டி நாள்தானே என்று உதாரணம் காட்டுகிறார்கள். உண்மை. ஆனால் அங்கே கீழேயும் நாட்காட்டி நாள், மேலேயும் நாட்காட்டி நாள். அது அவர்களின் பணி விதிகளுக்குள் பொருந்திய கணக்கு. ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் தீர்ந்த பிறகே அவர்கள் சம்பளமில்லா விடுப்புக்கு வருகிறார்கள். வருடத்துக்குச் சில நாள் விடுப்போடு கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணுக்கு அந்த விதியில் பாதியை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுவது பொருந்தாது.

26 என்ற எண்ணையே தொழிலாளிக்கு எதிரி ஆக்கிவிட்டதில் எனக்குத் தனி வருத்தம் உண்டு. பணிக்கொடையில் அந்த எண்ணைத் தொழிலாளிகள் போராடிப் பெற்றார்கள். வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று சட்டம் சொன்னபோது, ஒரு நாள் சம்பளம் என்பது மாதத்தில் முப்பதில் ஒன்றா, இருபத்தாறில் ஒன்றா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் 1980-இல் நீதிமன்றம் 26-ஐ ஏற்றது. 1987-இல் பணிக்கொடைச் சட்டத்திலேயே அது விளக்கமாகச் சேர்க்கப்பட்டது. 15,600 ரூபாய் முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் என்று வைத்துக்கொண்டால், பத்து வருடச் சேவைக்கு 26-ஆல் வகுத்தால் 90,000 ரூபாய். முப்பதால் வகுத்தால் 78,000தான். பிடிக்கும்போது முப்பதைப் புகழ்ந்து பழகியவர், கடைசி நாளில் கொடுக்கும்போதும் முப்பதால் வகுத்தால் எதிர்த்துக் கேட்கச் சொல் இல்லாமல் நிற்பார். விடுப்பைக் காசாக்கும்போது, கூடுதல் நேரக் கூலி போடும்போது, எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

சம்பளச் சீட்டு கையில் வந்ததும் பிடித்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வருகைப் பதிவேட்டில் நீங்கள் வராத வேலை நாளோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் கேளுங்கள். வேலையில் சேரும்போதே உத்தரவில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: அந்த மாத வேலை நாளால் வகுத்து, வராத வேலை நாளுக்கு மட்டும் பிடித்தம் என்று.

மருந்துக்கடை முதலாளியிடம் பதிவேட்டைத் திறந்து இந்தக் கணக்கைக் காட்டினேன். கால்குலேட்டரை அவரே இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "நான் குறைச்சுப் பிடிக்கிறேன்னு நெனச்சிருந்தேனே" என்றார். 130 ரூபாயை மார்ச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார். போன வருடம் முழுக்க மற்ற நான்கு பேருக்கு எண்ணிய ஞாயிறுகளைப் பற்றிக் கேட்டேன். பதிவேட்டை எடுத்து வைத்திருக்கிறார், இன்னும் பதில் சொல்லவில்லை.