த்ராட்டிலுக்கு எதுக்குவே டெட்ஸோன்?

ஜாய்ஸ்டிக் வாங்கின அன்னிக்கே எவனாவது ஒருத்தன் வந்து இந்த உபதேசத்தைச் சொல்லிவிடுவான்: "எல்லா ஆக்ஸிஸுக்கும் டெட்ஸோன் பத்து வை, கர்வை நடுவுல மழுக்கிரு, வண்டி வெண்ணெய் மாதிரி போகும்." எனக்குச் சொன்னவர் ஹாஸ்டலில் பக்கத்து ரூம் சீனியர். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு நான் ரெண்டு மாசம் வீணாக்கினேன். தரையிறங்கத் தெரியாதவன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் குற்றம் கையில் இல்லை, கணக்கில்.

நான் ஓட்டுவது லினக்ஸில் ஃப்ளைட்கியர். காசு கேட்காத சிமுலேட்டர், மாணவனுக்கு அதுதான் கட்டுப்படி. விமானம் செஸ்னா 172. இடம், வேறென்ன, நம்ம வாகைக்குளம்தான். இப்போது அங்கே ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டது, 2025 ஜூலை 26-ஆம் தேதி புது முனையத்தையும் திறந்துவிட்டார்கள். நான் பழகியதென்னவோ பழைய 1,350 மீட்டர் நீளத்தில். செஸ்னாவுக்கு அதுவே தாராளம். அதிலும் நான் பாதி ஓடுபாதை கழிந்த பிறகுதான் தரையைத் தொடுவேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு நான் வைத்துக்கொண்ட பாடம் இது:

```
fgfs --aircraft=c172p --airport=VOTK --runway=10 --wind=045@15
```

ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற வாடைக்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கிலிருந்து 15 நாட். ஓடுபாதை 10-இன் திசை ஏறக்குறைய 100 டிகிரி. ஆக காற்று இடது முன்பக்கத்திலிருந்து 55 டிகிரி சாய்ந்து வருகிறது. அதில் பக்கவாட்டுப் பங்கு சுமார் 12 நாட், எதிர்ப்பங்கு எட்டு, ஒன்பது நாட். மேற்கே பனைக்காட்டுப் பக்கமிருந்து வந்து கடலைப் பார்த்து இறங்கவேண்டும். இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, வலது ரட்டரை மிதித்துப் பிடித்து, த்ராட்டிலை மில்லிமீட்டர் கணக்கில் தள்ளி இழுத்து வரவேண்டும்.

இங்கேதான் வினை. வேகம் குறைகிறதே என்று த்ராட்டிலைத் தள்ளுவேன், ஒன்றும் நடக்காது. இன்னும் தள்ளுவேன், அப்போதும் இல்லை. இன்னொரு துளி தள்ளினதும் எஞ்சின் திடீரென்று முழித்துக்கொள்ளும். ஐயோ என்று இழுத்தால் மறுபடியும் அதே தூக்கம், அதே முழிப்பு. விமானம் அலையில் தோணி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே வரும்.

சரி, என்னதான் ஆகிறது? ஃப்ளைட்கியரில் ப்ராபர்ட்டி பிரவுசரைத் திறந்து `/controls/engines/engine/throttle` என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியை மெதுவாகத் தள்ளினேன். 0.47, 0.48, 0.49, 0.5. அப்புறம் 0.5, 0.5, 0.5. கை நகர்கிறது, எண் நகரவில்லை. கைப்பிடியின் மொத்த ஓட்டம் 5 செ.மீ. இருக்கும். அதில் நட்டநடுவே 6 மி.மீ. செத்த இடம். பாதி எஞ்சின் சக்தியில் ஒரு குழி! கனத்த எதிர்காற்றில், ஃப்ளாப்பை முழுக்க இறக்கிவிட்டு, என் கை சுற்றிச் சுற்றி வருகிற இடமும் அதேதான்.

சீனியர் சொன்ன பத்தை எடுத்துவிட்டேன். அப்போதும் குழி இருந்தது! டெட்ஸோனே வைக்காத இடத்தில் டெட்ஸோன் எங்கிருந்து வந்தது?

லினக்ஸ் கர்னலிலிருந்து. "நான் ஜாய்ஸ்டிக்" என்று சொல்லி யு.எஸ்.பி.யில் நுழைகிற எந்தக் கருவிக்கும், அதன் ஒவ்வொரு ஆக்ஸிஸுக்கும், மொத்த வீச்சில் பதினாறில் ஒரு பங்கை 'flat' என்று கர்னலே எழுதிவைத்துக்கொள்கிறது. நடுவிலிருந்து இந்தப் பக்கம் அவ்வளவு, அந்தப் பக்கம் அவ்வளவு செத்த இடம். ஸ்பிரிங் வைத்து நடுவுக்குத் திரும்புகிற ஆக்ஸிஸா, போட்ட இடத்தில் நிற்கிற த்ராட்டிலா என்று அது கேட்பதே இல்லை. என்னுடையது மலிவு ஸ்டிக், 0 முதல் 255 வரைதான் எண்ணும். `jscal -p /dev/input/js0` என்று கேட்டால் ஒவ்வொரு ஆக்ஸிஸுக்கும் இப்படி ஆறு எண் வருகிறது:

```
1,0,112,142,5534751,5534751
```

112 முதல் 142 வரை எது வந்தாலும் "நடு" என்று அர்த்தம். 256 படியில் 31 படி போயே போச்சு. அதோடு விடவில்லை, ரெண்டு முனையிலும் பதினைந்து படி முன்னாலேயே "முழுசு" என்று முடித்துவிடுகிறது. மிச்சமிருக்கிற படிகளில் மொத்த வேலையையும் அடைக்கவேண்டியிருப்பதால், செத்த இடத்தைத் தாண்டினதும் எல்லாமே 1.3 மடங்கு வேகத்தில் நகர்கிறது. தூக்கம், அப்புறம் திடீர் முழிப்பு என்றேனே, அதன் காரணம் இதுதான்.

டெட்ஸோன் என்பது எதற்கு? ஸ்பிரிங் கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவரும்போது துல்லியமாக அதே எண்ணில் விடாது, ஒரு தடவை 125, ஒரு தடவை 130 என்று விடும். அந்த ஆட்டத்தை விழுங்கத்தான் டெட்ஸோன். த்ராட்டிலுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. அதற்கு "நடு" என்று ஒரு இடமே கிடையாது. இல்லாத நடுவுக்கு எதுக்குவே டெட்ஸோன்?

த்ராட்டில் ஆக்ஸிஸுக்கான ஆறு எண்ணை மட்டும் நான் இப்படி மாற்றினேன்:

```
1,0,127,127,4473924,4473924
```

நடுவில் குழி இல்லை. கடைசி ரெண்டு எண்கள் சரிவு. 536870912-ஐ, நடுவிலிருந்து முனை வரை எத்தனை படி என்ற எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். நான் 127-க்குப் பதில் 120-ஆல் வகுத்தேன். காரணம் இருக்கிறது. மலிவு ஸ்டிக்கில் கைப்பிடியை அடியோடு இழுத்தாலும் சில நேரம் முனை எண் வருவதில்லை. அப்போது ஐடில் முழு ஐடிலாக இருக்காது, தரைக்கு மேலே விமானம் மிதந்துகொண்டே போகும். முனையில் ஏழெட்டுப் படி விட்டுக்கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. `jscal -p` அச்சிடுகிற வரி முழுசுமே ஒரு கட்டளைதான். அதில் இந்த எண்களை மட்டும் திருத்தி அப்படியே ஓட்டினால் போதும். `sudo jscal-store /dev/input/js0` கொடுத்தால் அடுத்த தடவைக்கும் நிற்கும்.

அடுத்து கர்வ். "த்ராட்டிலுக்கும் ஒரு கர்வ் போடு, ஐடில் பக்கம் மென்மையாகும்" என்கிறார்கள். ஃப்ளைட்கியரில் த்ராட்டிலை இப்படித்தான் கட்டுவார்கள்:

```
<command>property-scale</command>
<property>/controls/engines/engine[0]/throttle</property>
<offset type="double">-1.0</offset>
<factor type="double">-0.5</factor>
```

இதில் `<power>` 2 சேர்த்தால் என்ன ஆகும்? வர்க்கம் எடுப்பது முதலில் நடக்கிறது, offset, factor எல்லாம் அப்புறம்தான். ஆகவே மழுங்குவது ஐடில் பக்கமல்ல, திரும்பவும் நட்டநடு! கைப்பிடி 60 சதவீதத்தில் இருந்தால் எஞ்சினுக்குப் போவது 52. கைப்பிடி 40 என்றால் போவது 48. ஐந்தில் ஒரு பங்கு ஓட்டத்துக்கு நாலே சதவீதம். குழியை மூடிவிட்டு அதே இடத்தில் பள்ளம் தோண்டின கதை. ஐடில் பக்கமோ முன்னைவிட முரடாகிவிடும்.

"சரிடே, ஐலரானுக்காவது கர்வ் வேணும்லா?" என்று சீனியர் விடவில்லை. கணக்குப் பார்த்துக் காட்டினேன். கர்னலின் செத்த இடம், மேலே power 2, ரெண்டும் இருக்கும்போது பத்து சதவீத ஐலரான் கிடைக்க கைப்பிடியை 36 சதவீதம் சாய்க்கவேண்டும். நேர்கோடாக இருந்தால் பத்துக்குப் பத்து. மென்மை வேண்டும் என்று கேட்டவனுக்கு இது மென்மையாகத்தான் தெரியும், காற்றில்லாத நாளில். வாடையில் இறங்குகிறவன் கை நடுவிலேயே இருப்பதில்லையே! கால்வாசி ஐலரானைப் பிடித்துக்கொண்டு வருகிறான் என்றால், power 2-இல் அந்த இடத்திலேயே மென்மை தீர்ந்துபோய் நேர்கோட்டின் வேகம் வந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு துளிக்கும் நேர்கோட்டைவிட முரடு. சிரமமில்லாத இடத்தில் மென்மையும் சிரமமான இடத்தில் முரட்டுத்தனமும் தருவதற்கு ஒரு கர்வா?

டெட்ஸோனே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளந்து வை என்கிறேன். அளப்பதற்கு `jstest` உதவாது. அது கர்னல் திருத்தின எண்ணைத்தான் காட்டும், ஆட்டத்தை ஏற்கனவே விழுங்கியிருக்கும். `evtest` போட்டால் திருத்தாத எண் தெரியும், கூடவே Flat 15 என்று அந்த ரகசியமும் தெரியும். கைப்பிடியை நாலு பக்கமும் இழுத்து இழுத்து விட்டு, நிற்கிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 125-க்கும் 130-க்கும் நடுவில் நின்றது. எனவே 124, 131 என்று வைத்தேன். 31 படிக்குப் பதில் எட்டே படி. கைப்பிடியை முறுக்கி ரட்டர் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அந்த ஆக்ஸிஸில் பழைய அகலமே இருக்கட்டும். ஐலரானுக்குச் சாய்க்கும்போது மணிக்கட்டு தானாகவே கொஞ்சம் முறுக்கும். அதே மாதிரி கேம்பேடின் குட்டைக் குச்சியை வைத்து ஓட்டுகிறவருக்குக் கர்வ் தேவைதான். அங்கே விரலுக்கு இருப்பதே ஒன்றரை செ.மீ. ஓட்டம். பெரிய ஸ்டிக் தேய்ந்து எண் துள்ளினால் அகலத்தைக் கூட்டுவதும் நியாயமே, அது வைத்தியம். நல்ல ஸ்டிக்குக்கு அதே மருந்தைக் கொடுப்பதுதான் என் வழக்கு.

சுக்கானில் ஆட்டம் விழுந்த தோணியைத் தூத்துக்குடியில் எவனும் "ஆஹா, மென்மையா ஓடுது" என்று மெச்சமாட்டான். ஆணியைத் தேடுவான். நாம் மட்டும் கைக்கும் எஞ்சினுக்கும் நடுவே வேண்டுமென்றே ஆட்டத்தை வைத்துவிட்டு, இறங்கமுடியவில்லை என்றதும் விலை கூடின ஸ்டிக்குக்கு அப்பாவிடம் காசு கேட்கிறோம்.

எண்களை மாற்றின அன்னிக்கு ராத்திரி அதே 045@15 காற்றில் பத்துத் தடவை இறங்கினேன். ரெண்டு தடவை சொதப்பினேன், அது என் கை. மிச்சம் எட்டும் முதல் 300 மீட்டருக்குள். சீனியர் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எலேய், அந்த ஆறு நம்பரை எனக்கும் எழுதிக் குடு."

அவர் ஸ்டிக்குக்கு அந்த எண் சேராது. முதலில் அளக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.