கணித தினத்துக்கு ஒரு கவி: முதன்மை எண்ணைப் புகழ வேண்டாம், பிடித்துக் காட்டட்டும்

கணித தினக் கண்காட்சி வருகிறது என்றால் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒன்று, பிரிஸ்டல் போர்டில் இராமானுஜனின் படம். மற்றது, மேடையில் ஒரு பிள்ளை பாடும் கணிதக் கவிதை. படத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கவிதையைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். கோமாரியில் இருந்து எழுதுகிறோம். ஆனால் கல்முனை முதல் பொத்துவில் வரை கணிதம் படிப்பிக்கும் எல்லோருக்கும் இது பழக்கமான விஷயமாகத்தான் இருக்கும்.

முதன்மை எண்களைப் பற்றிய கவிதை என்றால் அது எப்படி இருக்கும் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். "எண்களின் அரசே, ஏழே வருக" என்கிற மாதிரி நாலு வரி. பிறகு 2, 3, 5, 7, 11 என்று 97 வரைக்கும் எதுகை மோனையோடு ஒரு பட்டியல். பிள்ளை மூச்சு விடாமல் ஒப்புவிக்கும், சபை கைதட்டும், அதிபர் தலையசைப்பார். எங்கள் அபிப்பிராயம் இதுதான்: அந்தக் கவிதையில் முதன்மை எண்ணின் பெயர் இருக்கிறது, முதன்மை எண் இல்லை. 97 வரை பாடமாக்கிய பிள்ளையிடம் 101 முதன்மையா என்று கேட்டால் வாய் திறக்காது. பாட்டு அங்கே முடிந்துவிட்டதே.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பின்னம். 91/117 ஐச் சுருக்கச் சொல்லுங்கள். பிள்ளை 91 ஐப் பார்க்கும். இரட்டை எண் இல்லை, 5 இல் முடியவில்லை, மூன்றாம் வாய்ப்பாட்டிலும் வராது. முகத்தைப் பார்த்தால் முதன்மை எண் மாதிரியே இருக்கிறது. "சேர், இதுக்கு மேல சுருக்கேலாது" என்று எழுதி வைத்துவிடும். ஆனால் 91 என்பது 7×13, 117 என்பது 9×13. விடை 7/9. பட்டியலில் 91 இல்லையே என்று யோசிக்கும் பிள்ளை இருக்கலாம், ஆனால் பட்டியல் ஞாபகம் வருவது மேடையில்தான், பரீட்சைத் தாளில் அல்ல. 51 ஐயும் 57 ஐயும் முதன்மை என்று எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குத் தெரியும்.

கவிதையில் கணக்கு நிற்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். தமிழிலேயே காரி நாயனாரின் கணக்கதிகாரம் இருக்கிறது. பலாப்பழத்தை வெட்டாமல் சுளையை எண்ணுவதற்கு அதில் ஒரு வெண்பா: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. பலாப்பழம் அதற்குக் கட்டுப்படுமா என்பது வேறு கதை. ஆனால் அந்த வெண்பா பலாப்பழத்தைப் புகழவில்லை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அதே மாதிரி மஃக்ரிப் தேசத்து இப்னு அல்-யாஸமீன் (மறைவு 1204) அட்சரகணிதம் முழுவதையும் ரஜஸ் என்ற அரபு யாப்பில் பாடி வைத்தார். சமன்பாடுகளின் ஆறு வகையும் அவற்றைத் தீர்க்கும் வழியும் அந்தப் பாட்டுக்குள் இருக்கின்றன. பாடினால் வேலை நடக்கும், அதற்குத்தான் பாட்டு.

முதன்மை எண்ணுக்கு அப்படியொரு பாட்டுக் கட்ட முடியுமா? முடியும். அதற்கான தாளம் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடக்கிறது. முஸ்லிம் ஊர்களில் பொல்லடி, தமிழ் ஊர்களில் வசந்தன் ஆட்டம். இரண்டிலும் கையில் கம்பு, வாயில் பாட்டு, காலில் தாளம்.

அலெக்சாந்திரியாவில் இருந்த எரதோஸ்தெனிஸ் இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் சொன்ன வழி எல்லோருக்கும் தெரியும். எண்களை வரிசையாக எழுதி, 2 இன் மடங்கு, 3 இன் மடங்கு என்று வெட்டிக்கொண்டே போனால் வெட்டுப்படாதவை முதன்மை எண்கள். சல்லடை என்று அதற்குப் பெயர். நாங்கள் செய்யச் சொல்வது, கரும்பலகையில் வெட்டுவதற்குப் பதிலாகக் கம்பால் அடிப்பது மட்டும்தான்.

ஒரு பிள்ளை றபானில் சீராகத் தட்டி 2 இல் இருந்து எண்ணிக்கொண்டு போகட்டும். மூன்று கூட்டம் நிற்கட்டும்: இரண்டாம் கூட்டம், மூன்றாம் கூட்டம், ஐந்தாம் கூட்டம். தன் எண் வரும்போது அந்தக் கூட்டம் கம்பை அடிக்காமல் மேலே உயர்த்திக் காட்டும். அதற்குப் பிறகு தன் எண்ணின் ஒவ்வொரு மடங்குக்கும் அடிக்கும். இரண்டாம் கூட்டத்துக்கு 4, 6, 8. மூன்றாம் கூட்டத்துக்கு 6, 9, 12. ஐந்தாம் கூட்டத்துக்கு 10, 15, 20. பாட்டு இப்படி இருக்கலாம்:

ரெண்டு ரெண்டாத் தாண்டி வந்தா
நாலும் ஆறும் அடிபடும்
மூணு மூணாத் தாண்டி வந்தா
ஆறும் ஒன்பதும் அடிபடும்
அஞ்சு அஞ்சாத் தாண்டி வந்தா
பத்தும் பதினஞ்சும் அடிபடும்
எந்தக் கம்பும் தொடாத எண்ணே
எங்க முதன்மை எண்ணாகும்

30 வரை எண்ணிப் பாருங்கள். கம்பு உயர்ந்த 2, 3, 5 ஐ விட்டால், றபான் மட்டும் தனியாகக் கேட்கும் இடங்கள் 7, 11, 13, 17, 19, 23, 29. சபை அந்த அமைதியைக் காதால் கேட்கும். முதன்மை என்றால் யாருடைய மடங்காகவும் இல்லாதது என்பதை விளக்க அதற்குப் பிறகு ஒரு வரியும் தேவையில்லை. 

ஏன் 2 இல் தொடங்குகிறோம், 1 முதன்மை இல்லையா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். முதலாம் கூட்டம் என்று ஒன்றை நிறுத்திப் பாருங்கள் என்று சொல்லுங்கள். அது 2, 3, 4, 5 என்று ஒவ்வொரு தட்டுக்கும் அடிக்கும். பிறகு அமைதி என்று ஒன்று எங்கே இருக்கப் போகிறது? 

பயிற்சியில் ஒன்று நடக்கும். மூன்றாம் கூட்டத்தில் ஒரு பிள்ளை எண்ணத் தவறிவிடும், அடி ஒரு தட்டுத் தள்ளிப் போகும். சத்தத்துக்குள் யார் பிழை என்று பிடிப்பது கஷ்டம். அதற்கு 30 ஐக் கவனியுங்கள். 2, 3, 5 இன் பொது மடங்குகளுள் சிறியது 30. மூன்று கூட்டமும் ஒரே அடியாக விழும் முதல் இடம் அதுதான். அங்கே சத்தம் சிதறினால் யாரோ வழுக்கிவிட்டார்கள். பொ.ம.சி. எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கும் அங்கேயே பதில் இருக்கிறது.

30 க்குப் பிறகுதான் எங்களுக்குப் பிடித்த இடம் வருகிறது. மூன்று கூட்டமும் சேர்ந்து அடித்ததால் தாளம் மறுபடி ஆரம்பத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்த 30 இல் அமைதியான இடங்கள் 31, 37, 41, 43, 47, 49, 53, 59. இதை மேடையில் அப்படியே செய்யுங்கள், எதையும் திருத்த வேண்டாம். 49 இல் அமைதி வரும், சபை அதை முதன்மை என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது பாட்டுப் பிள்ளை இதைப் பாடட்டும்:

ஏழாம் கூட்டம் வரல்லெண்டா
நாப்பத்தொன்பது ஏமாத்தும்
ஏழு ஏழாத் தாண்டி வந்தா
ஒளிஞ்ச கள்ளன் பிடிபடும்

ஏழாம் கூட்டம் மேடைக்கு ஏறட்டும், முதலில் இருந்து மறுபடி எண்ணட்டும். இம்முறை 49 இல் அடி விழும். 7 இன் மடங்குகளான 14, 21, 28, 35, 42 எல்லாவற்றையும் மற்றவர்கள் ஏற்கனவே அடித்துவிட்டார்கள். ஏழாம் கூட்டத்துக்கென்றே மிஞ்சிய முதல் எண் 7×7 தான். 100 வரை அந்தக் கூட்டம் தனியாகப் பிடிப்பவை மூன்றே மூன்று: 49, 77, 91. அந்தப் பின்னத்தில் பிள்ளையை ஏமாற்றிய 91 இதோ மேடையில் அகப்படுகிறது. ஒரு முறை தன் கம்பால் 91 ஐ அடித்த பிள்ளை அதை முதன்மை என்று எழுதாது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

பதினோராம் கூட்டம் வேண்டாமா? 100 வரைக்கும் வேண்டாம். 11 ஐ 2 முதல் 9 வரை எதால் பெருக்கினாலும், அந்தப் பெருக்கும் எண்ணுக்குள் 2, 3, 5, 7 இல் ஒன்று இருக்கும். அந்தக் கூட்டம் முந்தி அடித்துவிடும். பதினோராம் கூட்டத்துக்கு முதல் தனி வேலை 11×11 இல், அதாவது 121 இல்தான். வர்க்கமூலம் வரை சோதித்தால் போதும் என்று கரும்பலகையில் எழுதி எழுதி எத்தனை சோக்கட்டி தேய்ந்தது.

இந்த முறைக்கு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு விநாடிக்கு ஒரு தட்டு என்றால் 100 வரை இரண்டு நிமிடத்துக்குள் முடியும். 1000 வரை போக 31 ஈறாகப் பதினொரு கூட்டம் வேண்டும், பதினேழு நிமிடம் ஆகும். அதற்குள் சபையில் இருப்பது பிள்ளைகளின் உம்மா, அம்மாமார் மட்டும்தான். 

கண்காட்சி நடுவர்கள் எதுகைக்கும் உச்சரிப்புக்கும்தான் புள்ளி போடுகிறார்கள், அமைதிக்கு யார் புள்ளி போடுவார் என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அது புள்ளித் தாளை மாற்றுவதற்குக் காரணமே தவிர, பாட்டை மாற்றுவதற்கல்ல. புள்ளித் தாளில் "கவிதையைக் கொண்டு ஒரு புதிய எண்ணைச் சோதிக்க முடிகிறதா" என்று ஒரு வரி சேர்க்கட்டும். பட்டியல் கவிதை அந்த வரியிலேயே விழுந்துவிடும்.

இந்தியத் தமிழ்ப் புத்தகங்களில் முதன்மை எண்ணைப் பகா எண் என்கிறார்கள். பகுபடாத எண். எங்களுடைய பாடப்புத்தகச் சொல்லை விட அது நல்ல சொல் என்பது எங்கள் எண்ணம். பாட்டுக் கட்டும் பிள்ளைகள் இரண்டையும் பாவிக்கட்டும், தாளத்துக்கு எது பொருந்துகிறதோ அது.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆட்டம் முடிந்த பிறகு நாலு கூட்டத்தையும் கலைக்காமல் 101 இல் இருந்து தொடருங்கள். 101, 103, 107, 109, 113 எல்லாம் அமைதி, எல்லாம் உண்மை. 121 இலும் அமைதி வரும். அங்கே நிறுத்திவிட்டு, இப்போது எந்தக் கூட்டத்தை மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்று சபையிடமே கேளுங்கள்.